மாடி ஏற முடியாதவர் நேர்காணலுக்கு முன் எழுத வேண்டிய கடிதம்

"எனக்கு முடக்குவாதம். இரண்டு முழங்காலும் கணுக்காலும் பாதிப்பு. கைத்தடியோடு நடக்கிறேன், படி ஏற முடியாது. அடுத்த வாரம் காலை 9.30க்கு நேர்காணல், மூன்றாவது மாடி என்று போட்டிருக்கிறார்கள். முதலில் ஒரு மணி நேர எழுத்துத் தேர்வு, பிறகு இரண்டு சுற்று. தரைத்தளத்தில் அறையும் கொஞ்சம் கூடுதல் நேரமும் கேட்டு எச்.ஆருக்கு எப்படி எழுதுவது? நோயைப் பற்றி எவ்வளவு சொல்ல வேண்டும்? கேட்டதாலேயே என்னைக் கழித்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது."

நான் பதினோரு வருடம் நேர்காணல் ஏற்பாடு செய்யும் பக்கத்தில் வேலை பார்த்தவள். அறை பதிவு செய்வது, குழுவில் உள்ளவர்களின் நேரத்தைப் பிடிப்பது, வருபவருக்கு வழி சொல்வது எல்லாம் என் வேலைதான். அதனால் இந்த மாதிரிக் கடிதங்களைப் படிக்கிற கண்ணோடு சொல்கிறேன்.

முதலில் உங்கள் கடிதம் எங்கே போகிறது என்று பாருங்கள். நீங்கள் எச்.ஆருக்கு அனுப்புகிறீர்கள். அவர் அதை ஏற்பாடு செய்கிற ஒருவருக்குத் தள்ளிவிடுகிறார். அந்த ஒருவர் அறையைப் பதிவு செய்து, நேர்காணல் செய்பவர்களுக்குக் காலண்டரில் அழைப்பு அனுப்புகிறார். ரிசப்ஷனில் இருப்பவருக்கு ஒரு பெயர்ப்பட்டியல் போகிறது. இந்த நான்கு கைகளில் உங்கள் கடிதத்தை முழுதாகப் படிப்பவர் ஒருவரோ இருவரோதான். மற்றவர்களுக்குப் போய்ச் சேர்வது அதிலிருந்து வெட்டி எடுத்த ஒரு வரி. ஆகவே அப்படி வெட்டி எடுத்தாலும் பொருள் கெடாத வரிகளாக எழுத வேண்டும். இரக்கம் வரவழைக்கிற கடிதத்தைவிட, அறை பதிவு செய்கிறவர் அப்படியே நகலெடுத்து ஒட்டக்கூடிய கடிதம்தான் வேலை செய்யும்.

எனக்கு வந்த பெரும்பாலான கடிதங்களில் முதல் பத்தி முழுக்க நோயின் வரலாறு இருக்கும். எப்போது தொடங்கியது, எந்த மருந்து, எத்தனை அறுவை சிகிச்சை. கடைசியில், "ஆகவே தயவுசெய்து தகுந்த வசதி செய்து தரவும்" என்று முடியும். மனம் கனக்கப் படித்துவிட்டு, எந்த அறையைப் பிடிப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பேன். தகுந்த வசதி என்றால் லிஃப்ட் போதுமா, சக்கர நாற்காலி வேண்டுமா, வாசல் வரை யாராவது வர வேண்டுமா? எல்லாவற்றையும் நானே ஊகிக்க வேண்டியிருக்கும். ஊகித்துத் தப்பும் செய்திருக்கிறேன்.

நோயின் பெயரைச் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். ஆனால் ஏற்பாடு செய்பவருக்கு அது உதவாது. முடக்குவாதம் உள்ள ஒருவர் இரண்டு மாடி ஏறிவிடுவார், இன்னொருவருக்கு ஒரு படியே மலை. அவருக்குத் தெரிய வேண்டியது உங்கள் உடல் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதுதான். "மூட்டுகளைப் பாதிக்கும் நீண்டகால உடல்நிலை, கைத்தடியோடு நடப்பேன், படி ஏற இறங்க முடியாது." இவ்வளவு போதும். ஒன்றைக் கவனியுங்கள்: "சிரமம்" என்று எழுதாதீர்கள், "முடியாது" என்றால் முடியாது என்றே எழுதுங்கள். "படி ஏறச் சிரமம்" என்று எழுதினால், அன்றைக்கு அறை கிடைக்காதபோது, "மெதுவாக ஏறி வந்துவிடுவார்" என்று யாரோ ஒருவர் முடிவு செய்துவிடுவார். கெட்ட எண்ணத்தில் அல்ல, அந்தச் சொல் அதற்கு இடம் கொடுத்துவிடுகிறது.

அடுத்தது அறை. தரைத்தளம் என்று கேட்பதில் ஒரு பொறி இருக்கிறது. அதை நான் கற்றுக்கொண்ட விதம் இப்போதும் மனதை உறுத்துகிறது. கைத்தடியோடு நடக்கும் ஒரு பெண் தரைத்தள அறை கேட்டு எழுதியிருந்தார். பிடித்துக் கொடுத்தேன், உறுதி செய்து பதிலும் போட்டேன். அன்று காலை ரிசப்ஷனிலிருந்து போன் வந்தது, "அவங்க வெளியே நிக்கிறாங்க" என்று. இறங்கிப் போய்ப் பார்த்தால், எங்கள் கட்டடத்தின் வாசலில் ஆறு படிகள், ஒரு பக்கம் மட்டும் கைப்பிடி. மூன்று வருடமாகத் தினமும் அந்தப் படிகளில் ஏறி இறங்கியவள் நான். அவை இருப்பதே என் மனதில் பதிந்திருக்கவில்லை. அவர் முதல் படியில் தடியை ஊன்றி, மற்ற கையால் கைப்பிடியைப் பிடித்தபடி யோசித்துக்கொண்டிருந்தார். பின்பக்கம் சரக்கு இறக்கும் வழியாகச் சாய்தளம் உண்டு என்று காவலாளி சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. கட்டடத்தை முழுக்கச் சுற்றி அந்த வழியாக வந்து அறையில் உட்கார்ந்தபோது அவர் ஏற்கெனவே களைத்துப் போயிருந்தார்.

ஆகவே கேட்க வேண்டியது "தெருவிலிருந்து நாற்காலி வரை ஒரு படிகூட இல்லாத வழி." தரைத்தளம் என்பது அதற்குள் ஒரு பகுதி. மேலும் அந்தச் சொல்லே இடத்துக்கு இடம் மாறும். பிரிட்டிஷ் வழக்கில் தெருமட்டத்தில் இருப்பது தரைத்தளம், அதற்கு மேல் முதல் மாடி. அமெரிக்க வழக்கில் தெருமட்டத்தில் இருப்பதையே பெரும்பாலும் முதல் தளம் என்பார்கள். வெளிநாட்டு நிறுவனத்தின் எச்.ஆர். உங்கள் கடிதத்தைப் படித்தால் குழப்பம் வரலாம். "படி இல்லாத வழி" என்று எழுதிவிட்டால் எந்த ஊரிலும் ஒரே பொருள்தான்.

லிஃப்ட் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பார்கள். இதற்கு உங்களிடம் முன்கூட்டியே ஒரு பதில் இருக்க வேண்டும், ஏனென்றால் முதலில் வருகிற எதிர்க்கேள்வி இதுதான். லிஃப்டில் போக உங்களுக்கு எந்தத் தடையும் இல்லை என்றால் அதைச் சொல்லிவிடுவது நல்லது. மூன்றாவது மாடியிலேயே நடத்த முடியும், அவர்களுக்கும் சுலபம். ஆனால் இரண்டு விஷயத்தைக் கணக்கில் எடுங்கள். லிஃப்ட் அன்றைக்குப் பழுதானால் உங்களுக்கு மாற்று வழி கிடையாது. தீ எச்சரிக்கை மணி அடித்தால் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது என்பதுதான் பொதுவான விதி. அப்போது மூன்று மாடியும் படியில்தான் இறங்க வேண்டும். படி இறங்க முடியாத ஒருவர் தரைத்தளம் கேட்பதற்கு இது நேர்மையான, வலுவான காரணம். எந்தப் பொறுப்பான அலுவலகமும் இதைக் கேட்டதும் புரிந்துகொள்ளும். கடிதத்தில் ஒரே ஒரு வாக்கியமாக இதைச் சேர்த்துவிட்டால் அந்தக் கேள்வியே வராது.

இனி நேரம். உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். "கொஞ்சம் கூடுதல் நேரம்" என்று எழுதினால் படிப்பவர் தேர்வு நேரத்தைத்தான் நினைப்பார். நானும் அப்படித்தான் நினைத்திருக்கிறேன். ஒருவர் கூடுதல் நேரம் கேட்டிருந்தார். தேர்வில் அரை மணி நேரம் கூட்டிக் கொடுத்துவிட்டு, வேலை முடிந்தது என்று இருந்தேன். அவருக்குத் தேர்வு நேரம் போதுமானதாகவே இருந்தது. பாதி நேரத்திலேயே முடித்துவிட்டார். அவருக்கு வேண்டியிருந்தது தேர்வுக்கும் முதல் சுற்றுக்கும் நடுவே எழுந்து நடக்க ஒரு இடைவெளி. அதை நான் கொடுக்கவில்லை. முதல் சுற்றின் பாதியில் அவர் முகம் வலியில் இறுகிப்போனது. எதிரே உட்கார்ந்திருந்தவர் அதை ஆர்வமின்மை என்று எழுதிவைத்தார்.

உங்களுக்கு எந்த நேரம் வேண்டும் என்று பிரித்துப் பாருங்கள். முடக்குவாதம் உள்ள பலருக்குக் காலை எழுந்ததும் மூட்டுகள் இறுகிப் பிடித்திருக்கும். அரை மணி, ஒரு மணி, சிலருக்கு அதற்கும் மேல் ஆகும் இளக. உங்களுக்கும் அப்படி என்றால், 9.30 மணி நேர்காணல் என்பது அதிகாலை நான்கு மணிக்கோ ஐந்து மணிக்கோ எழுந்து உடம்பைத் தயார் செய்ய வேண்டிய நேர்காணல். தொடக்க நேரத்தை 11 மணிக்கு மாற்றச் சொல்லிக் கேட்பதுதான் உங்களுக்கு மிகப் பெரிய உதவியாக இருக்கும். ஒரு நிமிடம்கூடக் கூடுதலாகத் தேவைப்படாமலே போகலாம். அலுவலகத்துக்கும் இது கொடுக்கச் சுலபமான ஒன்று, முன்கூட்டிக் கேட்டால்.

இரண்டாவது, நகர்வதற்கான நேரம். வாசலில் பெயர் பதிந்து, அடையாளம் காட்டி, அறை வரை நடந்து உட்கார மற்றவர்களுக்கு மூன்று நிமிடம் ஆனால் உங்களுக்குப் பத்து, பதினைந்து ஆகலாம். குழுவினருக்கு 45 நிமிடம் ஒதுக்கியிருந்தால், நீங்கள் நடந்து வந்த பத்து நிமிடம் அந்த 45இலிருந்து போகும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, அடுத்த ஆளுக்கு மணி ஆகிவிட்டது என்று முடித்துவிடுவார்கள். இதற்கு இரண்டு வழி. அறை மாறாமல் எல்லாச் சுற்றையும் ஒரே அறையில் நடத்தி, நேர்காணல் செய்பவர்கள் மாறி மாறி வரும்படி கேட்கலாம். இதுதான் நல்ல வழி. அல்லது, நேரக் கணக்கு நீங்கள் உட்கார்ந்த பிறகு தொடங்க வேண்டும் என்று கேட்கலாம்.

மூன்றாவது, சுற்றுகளுக்கு நடுவே இடைவெளி. நீண்ட நேரம் ஒரே நிலையில் உட்கார்ந்தால் முழங்கால் பிடித்துக்கொள்ளும் என்றால் 15 நிமிடம் என்று எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

நான்காவதுதான் தேர்வு நேரம். இதில் கூடுதல் நேரமும் இடைவேளையும் வேறு வேறு. விரல்களிலும் மணிக்கட்டிலும் வலி இருந்து, எழுதும் வேகமே குறைவு என்றால் கூடுதல் நேரம் கேட்க வேண்டும். தேர்வுகளில் பரவலாகப் பழகிய அளவு 25 விழுக்காடு, அதாவது 60 நிமிடத் தேர்வுக்கு 75 நிமிடம். தேவை அதிகம் உள்ளவர்களுக்கு இதைவிடவும் கொடுப்பதுண்டு. ஆனால் நீங்கள் கால்களை மட்டும்தான் சொல்லியிருக்கிறீர்கள். கை நன்றாக இருக்கிறது, உட்கார்ந்தே இருப்பதுதான் பிரச்சினை என்றால், நீங்கள் கேட்க வேண்டியது கடிகாரத்தை நிறுத்திவிட்டு ஒரு இடைவேளை. நடுவில் பத்து நிமிடம் எழுந்து நிற்பீர்கள், அந்தப் பத்து நிமிடம் தேர்வுக் கணக்கில் வராது, எழுதும் நேரம் எல்லோரையும் போல 60 நிமிடமே. இதைக் கேட்டால், "மற்றவர்களுக்கு நியாயமா" என்ற முணுமுணுப்புக்கே இடமில்லை. தேவைக்கும் கோரிக்கைக்கும் நேரான தொடர்பு தெரியும்போது எதிர்ப்பு வருவதில்லை, நான் பார்த்த வரை.

தேர்வு கணினியில், வெளி நிறுவனம் ஒன்றின் தளத்தில் நடந்தால் இன்னும் முன்னதாகக் கேட்க வேண்டும். அந்த மாதிரித் தளங்களில் ஒவ்வொருவருக்குமான நேரத்தை இணைப்பு அனுப்புவதற்கு முன்பே அமைப்பார்கள். நீங்கள் உள்ளே போய்க் கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டால், எச்.ஆரே நினைத்தாலும் பெரும்பாலும் மாற்ற முடியாது. இணைப்பு ஏற்கெனவே வந்திருந்தால் திறக்காமல் வைத்துவிட்டு முதலில் எழுதுங்கள்.

சரி, இப்போது கடிதம். உங்கள் விவரங்களை வைத்து எழுதிப் பார்க்கிறேன். பணியின் பெயரும் தேதியும் நான் போட்டவை, உங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

"பொருள்: கணக்காளர் பணி, 14ஆம் தேதி நேர்காணல்: அறையும் நேரமும் குறித்த கோரிக்கை.

மதிப்பிற்குரிய எச்.ஆர். அலுவலர் அவர்களுக்கு, வணக்கம். கணக்காளர் பணிக்கான நேர்காணலுக்கு அழைத்தமைக்கு நன்றி. 14ஆம் தேதி கட்டாயம் வருகிறேன்.

எனக்கு மூட்டுகளைப் பாதிக்கும் நீண்டகால உடல்நிலை உண்டு. கைத்தடியோடு நடப்பேன். படி ஏறவும் இறங்கவும் முடியாது. அதனால் அன்றைக்குச் சில ஏற்பாடுகள் தேவைப்படுகின்றன.

தேர்வும் இரண்டு சுற்றுகளும் தரைத்தளத்தில், தெருவாசலிலிருந்து ஒரு படிகூட இல்லாமல் வரக்கூடிய ஒரே அறையில் நடக்க வேண்டுகிறேன். அதே தளத்தில் கழிப்பறையும் வேண்டும். லிஃப்டில் என்னால் போக முடியும், ஆனால் அவசர நிலையில் படி வழியாக இறங்க முடியாது என்பதால்தான் தரைத்தளம் கேட்கிறேன்.

காலை வேளையில் என் மூட்டுகள் இறுகியிருக்கும். தொடக்க நேரத்தை 9.30க்குப் பதில் 11 மணியாக மாற்ற முடியுமா? எழுத்துத் தேர்வின் நடுவே, தேர்வு நேரத்தில் சேராமல், 10 நிமிட இடைவேளையும், ஒவ்வொரு சுற்றுக்கும் முன் 15 நிமிட இடைவெளியும் தேவை. தேர்வு எழுதும் நேரம் 60 நிமிடமே போதும்.

இவற்றில் எதையாவது செய்வது கடினம் என்றால் தெரிவியுங்கள், வேறு வழி பேசிக்கொள்ளலாம். அறையின் பெயரையும் எந்த வாசல் வழியாக வர வேண்டும் என்பதையும் 11ஆம் தேதிக்குள் சொன்னால் பயணத்தை அதற்கேற்ப அமைத்துக்கொள்வேன். இந்தத் தகவலை ஏற்பாடுகளுக்குத் தேவையானவர்களிடம் மட்டும் பகிரக் கேட்டுக்கொள்கிறேன். நன்றி."

கீழே உங்கள் பெயர், தொலைபேசி எண். அவ்வளவுதான்.

இதில் என்ன இல்லை என்பதையும் பாருங்கள். மன்னிப்பு இல்லை. "தொந்தரவுக்கு வருந்துகிறேன்" என்று தொடங்கினால், படிப்பவர் இதை ஒரு சலுகையாகத்தான் எடுத்துக்கொள்வார். "இருந்தாலும் என்னால் மற்றவர்களைப் போல உழைக்க முடியும்" என்ற வரியும் இல்லை. அந்தச் சந்தேகத்தை யாரும் எழுப்பவில்லை, நீங்களாக எழுப்ப வேண்டாம். மருத்துவச் சான்றும் இணைக்கவில்லை. மெயிலில் போகும் இணைப்பு யார் யார் கைக்குப் போகும் என்று உங்களால் கட்டுப்படுத்த முடியாது. கேட்டால் கொடுங்கள், அதுவும் கேட்டவருக்கு நேராக. அரசுத் தேர்வு, தேர்வாணையத் தேர்வு போன்றவற்றில் மட்டும் நிலைமை வேறு. அங்கே சான்றும், விண்ணப்பத்திலேயே குறிக்க வேண்டிய கட்டமும், கடைசித் தேதியும் வழக்கமாக உண்டு. தனிக் கடிதம் அங்கே எடுபடாமல் போகலாம். அறிவிப்பை வரி வரியாகப் படியுங்கள்.

பகிர்வது பற்றிய அந்தக் கடைசி வரியை வேண்டுமென்றே சேர்த்தேன். நேர்காணல் செய்பவருக்கு அறையும் நேரமும் தெரிந்தால் போதும். காரணம் தெரிய வேண்டியதில்லை. அந்த வரி இருந்தால், ஏற்பாடு செய்பவர் உங்கள் மெயிலை அப்படியே எல்லோருக்கும் தள்ளிவிடாமல் ஒரு கணம் நிதானிப்பார்.

எப்போது அனுப்புவது? இன்றைக்கே. அறைகள் நிரம்பும் வேகம் உள்ளே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். தெருமட்டத்தில் இருக்கும் அறைகள் பெரும்பாலும் வாடிக்கையாளர் சந்திப்புக்கு என்று முன்பே பிடிக்கப்பட்டிருக்கும். ஐந்து வேலை நாள் கிடைத்தால் நிதானமாகச் செய்துவிடுவார்கள், இரண்டு நாள் என்றால் திணறுவார்கள். நாளைக்கே நேர்காணல் என்ற நிலையில் ஒருவர் இதைப் படித்தால், முதலில் போனில் பேசிவிட்டு, பேசியதை உடனே மெயிலில் எழுதி அனுப்ப வேண்டும். பேச்சு மட்டும் போதாது. போனை எடுத்தவர் அன்றைக்கு விடுப்பில் இருக்கலாம்.

பதில் வந்ததும் அதை எப்படிப் படிப்பது என்பதும் முக்கியம். "கவலைப்படாதீர்கள், பார்த்துக்கொள்கிறோம்" என்று வந்தால், அன்பான பதில்தான், ஆனால் இன்னும் எதுவும் நடக்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். நடந்துவிட்டது என்பதற்கு அடையாளம் ஒன்றே: காலண்டர் அழைப்பு புதிதாக வந்திருக்கும், அதில் அறையின் பெயர் மாறியிருக்கும், நேரம் மாறியிருக்கும். அழைப்பில் இன்னும் மூன்றாவது மாடி என்றே இருந்தால், நேர்காணல் செய்பவர்கள் மூன்றாவது மாடியில்தான் காத்திருப்பார்கள், மெயிலில் என்ன உறுதி சொல்லியிருந்தாலும். இரண்டு வேலை நாளுக்கு முன் ஒரு சின்ன மெயில் போடுங்கள்: "அறையின் பெயரும் வாசலும் உறுதியானால் தெரிவியுங்கள்." வாசலில் படி இருக்கிறதா என்பதையும் மறக்காமல் கேளுங்கள். ரிசப்ஷன் எண்ணை வாங்கி நீங்களே கேட்பது இன்னும் நல்லது. படி எத்தனை, கைப்பிடி எந்தப் பக்கம் என்று காவலாளிக்குத் தெரிந்த அளவு மேலே இருப்பவர்களுக்குத் தெரியாது.

இனி உங்கள் பயம். உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐ.நா. பொதுச்சபை 2006இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, ஒருவருக்குத் தேவையான, அளவுக்கு மீறிய சுமையை ஏற்படுத்தாத மாற்றங்களைச் செய்ய மறுப்பதையே பாகுபாடு என்று வரையறுக்கிறது. அதன் 27ஆம் பிரிவு வேலைக்கு ஆள் எடுக்கும் கட்டத்தையும் சேர்த்தே பேசுகிறது. அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம், பிரிட்டனின் 2010ஆம் ஆண்டு சமத்துவச் சட்டம், இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மூன்றிலும் இந்தக் கருத்து உண்டு. அமெரிக்காவில், கேட்பதற்குச் சட்டத்தின் சொற்களைப் பயன்படுத்த வேண்டியதில்லை, சாதாரண மொழியில் கேட்டாலே போதும் என்பதும் அங்குள்ள அரசு அமைப்பின் வழிகாட்டுதலில் இருக்கிறது. யாருக்கு எவ்வளவு பொருந்தும் என்பது நாட்டுக்கு நாடு, நிறுவனத்தின் அளவைப் பொறுத்தும் மாறும். நான் வழக்கறிஞர் அல்ல, சிக்கல் வந்தால் அந்த ஊர்ச் சட்டம் தெரிந்தவரிடம் போங்கள். முதல் கடிதத்தில் சட்டத்தை இழுக்க வேண்டாம் என்பது என் கருத்து. அறை பிடிக்க வேண்டிய கடிதம் நிறுவனத்தின் சட்டப் பிரிவுக்குப் போய்விடும், உங்கள் நேர்காணல் நாள் தள்ளிப்போகும்.

இனி உறுதியில்லாத பகுதி. கேட்டதால் யாரும் உங்களைக் கழிக்க மாட்டார்கள் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. அப்படிச் செய்பவர்கள் காரணத்தை எழுதிவைப்பதில்லை. ஆனால் எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். நீங்கள் கேட்காமல் போனால் என்ன ஆகும்? லிஃப்ட் ஓடினாலும், காலை 9.30க்கு இறுகிய மூட்டோடு, நடுவில் எழ முடியாமல் மூன்று மணி நேரம் உட்கார்ந்து பதில் சொல்வீர்கள். கைத்தடி எப்படியும் அவர்கள் கண்ணில் படப்போகிறது. மறைக்க முடியாத ஒன்றை மறைப்பதற்காக உங்கள் நல்ல பதில்களை விலையாகக் கொடுப்பீர்கள். வலியோடு பதில் சொன்னவர்களைப் பற்றி, "சுறுசுறுப்பு போதாது", "கவனம் சிதறுகிறது" என்று எழுதப்பட்ட குறிப்புகளை நான் படித்திருக்கிறேன். எழுதியவர்களுக்கு வலி தெரியவே தெரியாது. ஆகவே என் முடிவு, உங்கள் நிலையில் கேட்பதே மேல். வெளியே தெரியாத, நாளுக்கு நாள் மாறும் வலி உள்ளவர் கேட்டிருந்தால் இவ்வளவு திட்டமாகச் சொல்லியிருக்க மாட்டேன். அவருக்கு இது உண்மையிலேயே கடினமான முடிவு.

முடியாது என்று பதில் வந்தால், எது முடியாது என்று பாருங்கள். தரைத்தளத்தில் அறையே இல்லாத கட்டடங்கள் உண்டு. தெருமட்டத்தில் கடையும் வாகன நிறுத்தமும் இருக்கும், அலுவலகம் இரண்டாம் மாடியில் தொடங்கும். அப்போது காணொளி வழியாக நடத்தலாமா என்று கேளுங்கள். ஆனால் மற்ற எல்லோரையும் நேரில் பார்த்துவிட்டு உங்களை மட்டும் திரையில் பார்ப்பதில் ஒரு இழப்பு இருக்கிறது. அதனால் நான் முதலில் கேட்பது, வேறு கிளையிலோ பக்கத்துக் கட்டடத்திலோ அறை கிடைக்குமா என்பதுதான். காரணமே சொல்லாமல் "எல்லோருக்கும் ஒரே நடைமுறை" என்று மட்டும் பதில் வந்தால், அது ஏற்பாடு செய்பவரின் சோர்வாகவும் இருக்கலாம், நிறுவனத்தின் குணமாகவும் இருக்கலாம். அவருக்கு மேலே உள்ள எச்.ஆர். பொறுப்பாளருக்கு அதே கடிதத்தை ஒரு முறை அனுப்பிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

அப்புறம் அன்றைய நாள். கடிதத்தை அச்செடுத்தோ போனில் திறந்தோ கையில் வைத்திருங்கள். ரிசப்ஷனில் இருப்பவர் பழைய பட்டியலைப் பார்த்து, "மூணாவது மாடி போங்க" என்று சொல்ல வாய்ப்பு உண்டு. வாக்குவாதம் வேண்டாம், அங்கேயே உட்கார்ந்து எச்.ஆரை அழையுங்கள், அவர்கள் கீழே வரட்டும். இன்னொன்று, முடிந்ததும் உற்சாகத்தில், "வாங்க, ஆபீஸைச் சுற்றிக் காட்டுறோம்" என்பார்கள். கடிதத்தில் இல்லாத நடை இது, யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். தயங்காமல், "நடக்கிற தூரம் எவ்வளவு, படி இருக்கா?" என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். உள்ளே வந்ததும் நாற்காலியையும் பாருங்கள். தாழ்வான சோபாவைக் காட்டினால், கைப்பிடி உள்ள உயரமான நாற்காலி கேளுங்கள். முழங்கால் வலி உள்ளவருக்குத் தாழ்வான இருக்கையிலிருந்து எழுவது படி ஏறுவதைப் போன்றது. இதைக் கடிதத்தில் சேர்த்தாலும் தப்பில்லை, நான் நீளம் கருதி விட்டேன்.

வேலை கிடைத்தால் இந்தக் கடிதத்தோடு ஏற்பாடு தானாகத் தொடரும் என்று எண்ணாதீர்கள். நேர்காணலுக்குச் செய்த ஏற்பாடு அந்த ஒரு நாளுக்கானது. உங்கள் மேசை எந்த மாடியில், வேலை எத்தனை மணிக்குத் தொடங்கும், தீப் பயிற்சியின்போது உங்களை யார் எப்படி வெளியே கொண்டுவருவார் என்பதெல்லாம் வேலைக்கான உத்தரவு கையில் வந்த பிறகு எழுத வேண்டிய தனிக் கடிதம். அதற்கு இந்த மெயில்களையும் வந்த பதில்களையும் அழிக்காமல் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். "நேர்காணலின்போது நீங்கள் செய்து கொடுத்தபடியே" என்று அந்தக் கடிதத்தைத் தொடங்கலாம்.